அட்டவணை நடை: டிஎல்பியில் இல்லாத முகவரியைத் தேடிப் போவது யார்?

இன்டெல் கையேட்டைத் திறந்தால் ‘பேஜ் வாக்’ என்று இருக்கும். மிப்ஸ் கையேட்டில் அதே இடத்தில் ‘டிஎல்பி ரீஃபில் எக்செப்ஷன்’ என்று இருக்கும். இரண்டும் பேசுவது ஒரே கணத்தைப் பற்றித்தான். நிரல் ஒரு மெய்நிகர் முகவரியைக் கேட்கிறது. அதற்குரிய உண்மை முகவரி செயலிக்குள் இருக்கும் குட்டி நினைவகமான டிஎல்பியில் இல்லை. யாராவது முதன்மை நினைவகத்துக்குப் போய், பக்க அட்டவணையில் தேடி எடுத்து வர வேண்டும். இன்டெல்லில் அதற்கென்று இருக்கும் மின்சுற்றே போய்விடுகிறது, இயக்குதளத்துக்குத் தகவல்கூட வராது. பழைய மிப்ஸில் செயலி நிரலை நிறுத்திவிட்டுக் கர்னலுக்குத் தாவும், கர்னலில் உள்ள சில வரி நிரல் போய் எடுத்து வரும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். டிஎல்பி என்பது ‘டிரான்ஸ்லேஷன் லுக்அசைடு பஃபர்’. 1972-ல் மெய்நிகர் நினைவகத்தோடு வந்த ஐபிஎம் சிஸ்டம்/370 வரிசையின் கையேடுகள் வழியாகப் பரவிய பெயர் இது. சரக்கு அதைவிடப் பழையது. 1960-களில் வந்த சிஸ்டம்/360 மாடல் 67-லேயே, அண்மையில் மாற்றிய முகவரிகளை வைத்துக்கொள்ளும் ஒரு குட்டி நினைவகம் இருந்தது. அட்டவணையைப் புரட்டப் போவதற்கு முன் ஓரமாக ஒரு பார்வை பார்த்துக்கொள்வது என்பதுதான் ‘லுக்அசைடு’. ‘வாக்’ என்பது தரவுக் கட்டமைப்புப் பாடத்திலிருந்து வந்தது. மரத்தில் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு இறங்குவதை ட்ரீ வாக் என்பார்கள். பல மட்டப் பக்க அட்டவணையும் ஒரு மரம்தான்.

தமிழில் எழுதும்போது இங்கே ஒரு சிக்கல் வரும். ‘லுக்அசைடு’ என்பதைப் பக்கப்பார்வை என்று எழுதினால், ‘பேஜ்’ என்ற பொருளில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ‘பக்கம்’ வந்து குழப்பும். ‘டிரான்ஸ்லேஷன்’ என்பதை மொழிபெயர்ப்பு என்று எழுதவும் முடியாது, இங்கே நடப்பது முகவரி மாற்றம். அதனால் டிஎல்பிக்கு ‘முகவரி மாற்றக் குறிப்பேடு’ என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். பேச்சில் டிஎல்பியே போதும். ‘மிஸ்’ என்பதற்குத் தவறல், பிழை என்றெல்லாம் எழுதினால் அது, பக்கமே நினைவகத்தில் இல்லாதபோது வரும் பேஜ் ஃபால்ட்டோடு கலந்துவிடும். டிஎல்பியில் இல்லையென்றால் அது பிழை அல்ல. பக்கம் நினைவகத்தில் பத்திரமாக இருக்கலாம், குறிப்பேட்டில் மட்டும் பதிவு இல்லை. தேடியும் கிடைக்கவில்லை என்ற பொருளில் ‘காணாமை’ என்று எழுதுகிறேன். ‘பேஜ் டேபிள் வாக்’ என்பது பக்க அட்டவணை நடை. வன்பொருள் செய்தால் வன்பொருள் நடை, கர்னல் செய்தால் மென்பொருள்வழிக் காணாமைத் தீர்வு.

சரி, மென்பொருள் வழியை மிப்ஸ் ஆர்3000-ல் பார்ப்போம். அதன் டிஎல்பியில் 64 பதிவுகள். ஒரு பக்கம் 4096 பைட். பயனர் நிரலின் முகவரிக்குக் காணாமை வந்தால் செயலி `0x80000000` என்ற முகவரிக்குத் தாவும். மற்ற விதிவிலக்குகள் போவது `0x80000080`-க்கு. நடுவில் இருப்பது 32 கட்டளைகளுக்கான இடம்தான், ஆனால் அதுவே தாராளம். ஏனென்றால் வேலை இவ்வளவுதான்:

```
mfc0  k1, C0_CONTEXT
mfc0  k0, C0_EPC
lw    k1, 0(k1)
nop
mtc0  k1, C0_ENTRYLO
nop
tlbwr
jr    k0
rfe
```

மொத்தம் 9 கட்டளைகள். இது இவ்வளவு சுருங்கியதற்குக் காரணம் வன்பொருள் பாதி வேலையை முடித்து வைத்திருப்பதுதான். பக்க அட்டவணை தொடங்கும் முகவரியும், காணாமல் போன பக்கத்தின் எண்ணும் கான்டெக்ஸ்ட் பதிவகத்தில் ஏற்கெனவே கோக்கப்பட்டிருக்கும். அதாவது அந்தப் பதிவகத்தில் இருப்பதே தேடவேண்டிய அட்டவணைப் பதிவின் முகவரி. கணக்குப் போட வேண்டியதில்லை, அப்படியே `lw` செய்யலாம். `tlbwr` ஏதோ ஓர் இடத்தில் பதிவை எழுதிவிடும். ‘ஏதோ’ என்றாலும் 8 முதல் 63 வரைதான், முதல் 8 இடங்களைக் கர்னல் தனக்கென்று வைத்துக்கொள்ளும். `k0`, `k1` இரண்டையும் பயனர் நிரல் தொடக்கூடாது என்பது மரபு, அதனால் எதையும் சேமித்துவைத்து மீட்கும் செலவும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்த நிரல் எதையும் சோதிப்பதே இல்லை என்பது. எடுத்துவந்த பதிவு செல்லாததாக இருந்தால்? அப்படியே டிஎல்பியில் எழுதிவிட்டுத் திரும்பிவிடும். பயனரின் கட்டளை மறுபடி ஓடும். இப்போது பதிவு இருக்கிறது, ஆனால் செல்லாது என்பதால் பொது விதிவிலக்கு எழும். வட்டிலிருந்து பக்கத்தைக் கொண்டுவரும் பெரிய வேலையெல்லாம் அங்கே நடக்கும். அரிதாக வரும் நிலைக்காக, அடிக்கடி ஓடும் பாதையில் ஒரு கட்டளைகூடச் செலவழிக்கவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2 ஜிபி பயனர் வெளிக்கு ஒரே நீளமான அட்டவணை என்றால் 2 எம்பி ஆகும். ஒவ்வொரு நிரலுக்கும் அவ்வளவு உண்மை நினைவகத்தை ஒதுக்க முடியாது என்பதால் அட்டவணையே மெய்நிகர் வெளியில் இருக்கும். அப்படியானால் அந்த `lw` கட்டளைக்கே காணாமை வரலாம். அதற்குத்தான் திரும்பவேண்டிய முகவரியை வைத்திருக்கும் `EPC`-ஐ முன்கூட்டியே `k0`-வில் எடுத்துவைத்துக்கொள்கிறது. இரண்டாவது விதிவிலக்கு `EPC`-ஐ அழித்தாலும் வீட்டுக்குத் திரும்பும் வழி `k0`-வில் இருக்கும். இந்த இரட்டைக் காணாமை பொதுப் பாதையில் போவதால் பல மடங்கு செலவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1024 வரிசை, 1024 நெடுவரிசை கொண்ட அணி, ஓர் உறுப்புக்கு 4 பைட். ஒரு வரிசை சரியாக ஒரு பக்கம். வரிசை வரிசையாகப் படித்தால் மொத்தக் காணாமை 1024 அளவில்தான். நெடுவரிசை நெடுவரிசையாகப் படித்தால் ஒவ்வொரு உறுப்பும் வேறு பக்கம். முதல் பக்கத்துக்குத் திரும்பி வருவதற்குள் 1024 பக்கங்களைத் தொட்டிருப்போம், டிஎல்பியோ 64 பதிவு. ஏறத்தாழ ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு காணாமை, பத்து லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் 9 கட்டளை என்றால் 94 லட்சம் கட்டளைகள் முகவரி தேடவே போகின்றன. ஒரு ஆறுதல்: இந்த 1024 பக்கங்களின் அட்டவணைப் பதிவுகள் மொத்தம் 4096 பைட். ஒன்றிரண்டு பக்கத்தில் அடங்கிவிடும் என்பதால் இரட்டைக் காணாமை பெரிதாக வராது.

இனி வன்பொருள் நடை. இன்டெல் செயலிகளின் எக்ஸ்86-64 கட்டமைப்பில் பொதுவான அமைப்பு நான்கு மட்டம். சிஆர்3 பதிவகம் முதல் அட்டவணையைக் காட்டும். முகவரியில் 9 பிட் எடுத்து, அந்த அட்டவணையின் 512 பதிவுகளில் ஒன்றைப் பிடித்தால் அது அடுத்த அட்டவணையைக் காட்டும். இப்படி நான்கு முறை. நான்கு நினைவகப் படிப்பு என்றால் பயமாக இருக்கும். ஆனால் மேல் மட்டப் பதிவுகளைத் தனியாக ஒரு கேஷ் வைத்திருப்பதால், பெரும்பாலும் கடைசி மட்டத்தை மட்டும் படித்தால் போதும்.

அதே அணியை 2015-ல் வந்த இன்டெல் ஸ்கைலேக்கில் ஓட்டினால் முதல் சுற்றுக்குப் பின் ஒரு நடைகூட வராது. அதன் முதல் டிஎல்பி 64 பதிவு என்றாலும், பின்னால் 1536 பதிவு கொண்ட இரண்டாவது ஒன்று இருக்கிறது, 1024 பக்கமும் அதில் அடங்கிவிடும். நடையைப் பார்க்க வேண்டுமானால் வரிசைகளை 4096 ஆக்க வேண்டும். அப்போதும் கடைசி மட்டப் பதிவுகள் 32 கேபிதான், இரண்டாம் நிலைக் கேஷில் தாராளமாக இருக்கும்.

உண்மையான வித்தியாசம் இந்தப் படிப்புகளின் எண்ணிக்கையில் இல்லை. ஆர்3000 ஐந்து கட்டக் குழாய்வரிசை கொண்டது. விதிவிலக்கு வந்தால் தூக்கி எறிய வேண்டியது நான்கைந்து கட்டளைகள். அதனால்தான் மென்பொருள் வழி அப்போது மலிவாக இருந்தது. ஸ்கைலேக்கில் ஒரே நேரத்தில் 224 செயல்கள் வரை முடிவுக்குக் காத்திருக்கும். அங்கே விதிவிலக்கு எழுப்பினால், காணாமை வந்த கட்டளைக்குப் பின்னால் செய்துவைத்த வேலை முழுவதும் வீண். கர்னல் கட்டளைகளைப் புதிதாகக் கொண்டுவர வேண்டும், திரும்பியபின் பழையதை மறுபடி ஏற்ற வேண்டும். வன்பொருள் நடையிலோ காணாமை வந்த படிப்பு மட்டும் காத்திருக்கும், அதைச் சாராத மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கைலேக்கில் இரண்டு நடைகள் ஒரே நேரத்தில் நடக்கவும் முடியும். அந்த 9 கட்டளைகளின் எண்ணிக்கை கூடவில்லை, அவை குறுக்கிடும் வேலைதான் பெருத்துவிட்டது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. அட்டவணையின் வடிவம் சிலிக்கானில் பதிந்துவிடுகிறது, இயக்குதளம் தன் விருப்பத்துக்கு வேறு வடிவம் வைக்க முடியாது. ஆனால் லினக்ஸின் பொதுப் பகுதி எல்லாக் கட்டமைப்புக்கும் மரத்தைத்தான் வைத்திருக்கிறது. கிடைத்த சுதந்திரத்தை யாரும் அதிகம் பயன்படுத்தவில்லை என்பதால், இது பெரிய இழப்பு என்று நான் கருதவில்லை. இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறு: வன்பொருள் ஊகத்தின் பேரில் நடந்து, நிரல் கடைசிவரை தொடவே தொடாத பக்கத்தையும் டிஎல்பியில் போட்டுவைக்கும். ‘இந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை, டிஎல்பியில் இருக்காது’ என்று நினைத்து நீக்கக் கட்டளையை விட்டுவிடும் கர்னல் நிரல், எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறைத் தரும். ஆர்3000-இல் கர்னல் எழுதியது மட்டுமே உள்ளே இருக்கும்.

செலவை அளப்பதிலும் இரண்டும் வேறு. எக்ஸ்86-இல் இப்படிக் கேட்கலாம்:

```
perf stat -e cycles,dtlb_load_misses.walk_active ./a.out
```

இரண்டாவது எண் பெரிதாக இருந்தாலே அவ்வளவும் இழந்த நேரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நடை நடந்த நேரத்தில் வேறு வேலையும் ஓடியிருக்கும். 2 எம்பி பக்கங்களுக்கு மாற்றி மறுபடி ஓட்டி, மொத்தச் சுழற்சிகளின் வித்தியாசத்தைப் பார்த்தால்தான் உண்மையான இழப்பு தெரியும். ஆர்3000-இல் தலைகீழ்ச் சிக்கல். செலவு முழுவதும் உண்மையான இழப்பு, ஆனால் கண்ணில் படாது. அந்த 9 கட்டளைகள் ஓடும்போது குறுக்கீடுகள் அடைக்கப்பட்டிருக்கும் என்பதால், கடிகாரக் குறுக்கீட்டை நம்பி மாதிரி எடுக்கும் கருவி பழியைப் பயனர் கட்டளை மேல் போட்டுவிடும். மிப்ஸைப் போலவே மென்பொருள் வழியில் போன ஸ்பார்க் செயலிகளில் இந்தக் குறையைச் சொலாரிஸ் இயக்குதளம் தீர்த்தது. `trapstat -t` என்று தட்டினால் டிஎல்பி காணாமையில் எத்தனை சதவீத நேரம் போகிறது என்று சொல்லிவிடும்.

அந்த ஸ்பார்க்கும் 2007-ல் அல்ட்ராஸ்பார்க் டி2-வில் வன்பொருள் நடைக்கு மாறியது. மிப்ஸ் தன் ஐந்தாம் வெளியீட்டில் நடைச்சுற்றைச் சேர்த்தது. ஆனால் அங்கே பழைய பாதையை மூடவில்லை. நடைச்சுற்று அட்டவணையில் இறங்கிப் பார்த்து, நடையை முடிக்க முடியாமல் கைவிட்டால், பழையபடி ரீஃபில் விதிவிலக்கு எழும். கர்னலின் கையாள்நிரல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.