தம்பி என்று ஆன கதை: தைப்பிங் கிளர்ச்சியின் உள்ளே

1836-ல் தென்சீனத்தின் குவாங்சோ நகரில் அரசுத் தேர்வு எழுத வந்திருந்த ஹோங் ஷியூசுவான் கையில், தெருவில் ஒருவர் சில சிறு நூல்களைத் திணித்தார். கிறிஸ்தவராக மாறிய அச்சுத் தொழிலாளி லியாங் ஃபா எழுதியவை. ஹோங் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த ஆண்டும் தேர்வில் தோல்வி. உடைந்துபோய் ஊர் திரும்பியவர் சுமார் 40 நாள் நோயில் கிடந்தார். அப்போது ஒரு கனவு: பொன்னிறத் தாடியும் கறுப்பு அங்கியுமாக ஒரு முதியவர் வாள் கொடுத்து, பேய்களை அழிக்கச் சொல்கிறார். நடுவயதுக்காரர் ஒருவர் கூட நின்று உதவுகிறார். அவரை ஹோங் 'அண்ணா' என்று அழைக்கிறார்.

1843-ல் நான்காம் முறையும் தோற்ற பிறகுதான், உறவினர் ஒருவர் தூண்டியதால் அந்த நூல்களை முழுதாகப் படித்தார். எல்லாம் பொருந்தியது. முதியவர் பரமபிதா, உதவியவர் இயேசு. சரி, அப்படியானால் தான் யார்? நம்மைப் போலவே சீனர்களுக்கும் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல். கனவில் 'அண்ணா' என்று அழைத்தவர் தம்பியாகத்தானே இருக்க முடியும்? போதாக்குறைக்கு, பெருவெள்ளத்தைக் குறிக்கும் சீனச் சொல்லில் இருப்பது அவருடைய குடும்பப் பெயரின் எழுத்தேதான். 'முழுவதும்' என்று பொருள்படும் 'சுவான்' வரும் இடங்களிலும் தன் பெயரையே கண்டார். நூல் தனக்கென்றே எழுதப்பட்டது என்று நம்பிவிட்டார்.

ஆனால் கனவை ஆதாரமாக ஏற்றால் அந்தக் கதவு மற்றவர்களுக்கும் திறந்துவிடும். ஹோங்கைப் பின்பற்றியவர்கள் திரண்ட குவாங்சி மலைப்பகுதியின் மக்களுக்கு ஆவி இறங்கிப் பேசுவது பழகிய விஷயம். 1848-ல் ஹோங் அங்கே இல்லாதபோது, அவரைப் பின்பற்றியவர்களில் ஒருவரான, கரி சுட்டுப் பிழைத்த யாங் ஷியூசிங் மீது பரமபிதாவே இறங்கிப் பேசத் தொடங்கினார். திரும்பி வந்த ஹோங் அதை ஏற்றார். மறுத்திருந்தால், தான் கண்டதை மட்டும் நம்பு என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் 1851-ல், சீனாவை ஆண்ட சிங் பேரரசை எதிர்த்து ஹோங் தலைமையில் தைப்பிங் கிளர்ச்சி வெடித்தது. 1853-ல் நான்ஜிங் அவர்கள் தலைநகரானது. அந்த டிசம்பரில் யாங் பரமபிதாவின் குரலில், அரண்மனைப் பெண்களைக் கொடுமைப்படுத்தியதற்காக ஹோங்குக்கு 40 அடி விதித்தார். இயேசுவின் தம்பி, பரலோக அரசர் என்று பட்டம் சூடிய ஹோங், அடி வாங்கக் குப்புறப் படுத்தார். அதன் பிறகே மன்னிப்புக் கிடைத்தது. தகப்பன் பேசும்போது மகன் என்ன செய்ய முடியும்?

1856-ல் அதே குரல், அரசருக்கே உரிய 'பத்தாயிரம் ஆண்டு' வாழ்த்தை யாங்குக்கும் கேட்டது. செப்டம்பரில் யாங் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரும் மாண்டனர். கிளர்ச்சியின் மிகத் திறமையான நிர்வாகி போனபின், தலைமை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1864-ல் நான்ஜிங் விழுவதற்குள் இந்தப் போர் 2 கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருந்தது என்பது பொதுவான மதிப்பீடு.

யாங்கைப் பொய்யர் என்று ஹோங்கால் கடைசிவரை தள்ளிவைக்க முடியவில்லை. பின்னாளில் வந்த தைப்பிங் நாட்காட்டியில், யாங் கொல்லப்பட்ட நாள் அவர் விண்ணுலகம் ஏறிய திருநாளாகக் குறிக்கப்பட்டிருந்தது.