இல்லாத தீர்ப்புக்கு ஒரு பக்க எண்: மொழி மாடல் பொய்யை ஏன் இவ்ளோ உறுதியா சொல்லுது

925 F.3d 1339. அமெரிக்க வக்கீல்கள் ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டுற முறை இது. ஃபெடரல் ரிப்போர்ட்டர்னு ஒரு தீர்ப்புத் தொகுப்பு இருக்கு, அதோட மூணாவது வரிசையில 925வது வால்யூம், 1339வது பக்கம்னு அர்த்தம். இந்த நம்பரோட "வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ், 2019"னு ஒரு வழக்கை 2023 மார்ச்ல நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டுல ஒரு வக்கீல் தரப்பு தாக்கல் பண்ணின மனுவுல குறிப்பிட்டிருந்தாங்க. அந்த வால்யூம் நிஜம், அந்தப் பக்கமும் நிஜம், ஆனா அந்த இடத்துல இருக்கிறது சம்பந்தமே இல்லாத வேற ஒரு தீர்ப்பு. வர்கீஸ் வழக்குன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அதை எழுதினது சாட்ஜிபிடி.

என்ன நடந்துச்சுன்னா, 2019ல எல் சால்வடார்ல இருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா விமானத்துல சாப்பாடு தள்ளிட்டு வர்ற உலோக வண்டி முட்டியில இடிச்சதுன்னு ஒரு பயணி நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டார். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும், டைம் முடிஞ்சு போச்சுன்னு விமானக் கம்பெனி சொல்லுச்சு. நடுவுல கம்பெனி திவால் நடவடிக்கையில இருந்ததால அந்தக் காலம் கணக்குல வராதுன்னு சொல்ற பழைய தீர்ப்புகள் பயணி தரப்பு வக்கீலுக்குத் தேவைப்பட்டுச்சு, அவர் சாட்ஜிபிடிகிட்ட கேட்டார், அது வரிசையா கொடுத்துச்சு. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்துட்டு கிடைக்கலைன்னு சொல்ல, நீதிபதி நகல் கொண்டாங்கன்னு உத்தரவு போட, சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த "தீர்ப்பு நகலையே" தாக்கல் பண்ணிட்டாங்க. 2023 ஜூன் 22 அன்னிக்கு நீதிபதி கெவின் காஸ்டெல் 5000 டாலர் அபராதம் போட்டார்.

இந்தக் கதையை நிறைய பேர் "ஏஐ பொய் சொல்லுது பாருங்க"ன்னு சொல்லிட்டு கடந்து போயிடறாங்க. எனக்கு அது போதாதுன்னு தோணுது, ஏன்னா அந்த ஒரு வரி மேற்கோளுக்குள்ளேயே சாட்ஜிபிடிக்குப் பின்னாடி இருக்கிற மொழி மாடல் எப்படி வேலை செய்யுது, எங்க நல்லா பண்ணுது, எங்க சறுக்குதுங்கிறது மொத்தமும் தெரியும்.

மொழி மாடல் செய்ற வேலை அடிப்படையில ஒண்ணுதான். இதுவரைக்கும் வந்த எழுத்தைப் பார்த்து அடுத்த துண்டு என்னவா இருக்கும்னு கணிக்கிறது. அந்தத் துண்டுக்கு டோக்கன்னு பேரு, ஒரு முழுச் சொல்லாவும் இருக்கலாம், சொல்லோட பகுதியாவும் இருக்கலாம், ரெண்டு மூணு இலக்கமாவும் இருக்கலாம். மெட்டா 2024ல வெளியிட்ட லாமா 3ங்கிற மொழி மாடலை எடுத்துக்கோங்க, அதுக்குத் தெரிஞ்ச டோக்கன்கள் சுமார் 1,28,000. ஒவ்வொரு அடியிலயும் இந்த அத்தனை டோக்கனுக்கும் ஒரு நிகழ்தகவு போடும், அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும், அதையும் சேர்த்து வச்சுகிட்டு மறுபடி கணிக்கும். அவ்ளோதான்.

லாமா 3ஐ பழக்கினது 15 டிரில்லியனுக்கும் மேற்பட்ட டோக்கன்ல. ஆனா அதோட சின்ன மாடலை டவுன்லோட் பண்ணினா கிடைக்கிற ஃபைல் ஏறக்குறைய 16 ஜிபி தான். படிச்சது பல பத்து டெராபைட், கையில மிச்சம் இருக்கிறது 16 ஜிபி. அப்போ படிச்சதெல்லாம் உள்ளே அப்படியே இருக்க வழியே இல்ல. எது திரும்பத் திரும்ப வருதோ அது பதியும். இலக்கணம், வாதத்தோட போக்கு, ஒரு தீர்ப்பு எப்படி ஆரம்பிச்சு எப்படி முடியும், பைத்தான்ல ஒரு ஃபங்ஷன் எப்படி எழுதுவாங்க, இதெல்லாம் கோடிக்கணக்கான தடவை வந்திருக்கும், அதனால இதுல மாடல் ரொம்ப கெட்டி. ஒரே ஒரு இடத்துல, ஒரே ஒரு தடவை வந்த பக்க எண் பெரும்பாலும் பதியாது.

இப்போ அந்த மேற்கோளுக்கு வருவோம். வக்கீல் கேள்வி கேட்டாச்சு, மாடல் வழக்கோட பேரை எழுத ஆரம்பிக்குது. சர்வதேச விமானப் பயண வழக்குன்னா ஒரு பக்கம் பயணி பேரு, நடுவுல "எதிர்", மறுபக்கம் ஒரு விமானக் கம்பெனி, இந்த வடிவம் அதுக்கு அத்துப்படி. கம்பெனி பேருக்கு நூறு வாய்ப்பு இருக்கு, அதுல சைனா சதர்ன் வந்துச்சு. பயணி பேரு வர்கீஸ். நீதிபதியோட உத்தரவுல இருக்கிற விவரத்தைப் பார்த்தா அந்தக் கற்பனைத் தீர்ப்புல இறந்து போனவர் ஜார்ஜ் ஸ்கரியா வர்கீஸ், வழக்கு போட்டவர் சூசன் வர்கீஸ், அப்புறம் அனிஷ்னு ஒருத்தர் வர்றார். கேரளத்தைத் தெரிஞ்ச யாருக்கும் இது எவ்ளோ பொருத்தமான குடும்பம்னு புரியும். யாரும் அதுக்கு இதைச் சொல்லித் தரல, வர்கீஸுக்குப் பக்கத்துல எந்த மாதிரி பேருங்க வரும்னு எழுத்துலேர்ந்து பிடிச்சிருக்கு. மாடலோட திறமையும் இதுதான், பொய் நம்புற மாதிரி அமையுறதும் இதே திறமையாலதான்.

அடுத்து வால்யூம் எண். இங்கதான் விஷயமே இருக்கு. 2019 தீர்ப்புன்னு வச்சா வால்யூம் எண் 900 சொச்சத்துல இருக்கும்ங்கிற அளவுக்கு மாடலுக்குத் தெரியும், ஆனா எந்த எண்ணுங்கிறதுக்கு ஆதாரமே இல்ல, வழக்கே இல்லையே. அதனால நிகழ்தகவு நிறைய எண்கள் மேல சிதறிக் கிடக்கும், எதுக்கும் பெரிசா எடை இருக்காது. அதுல ஒண்ணு விழணும், 925 விழுந்துச்சு. அதுக்கப்புறம் F.3d வர்றதுக்கு கிட்டத்தட்ட சந்தேகமே இல்ல, எல்லா எடையும் அது மேலதான். மறுபடி பக்க எண் வரும்போது சிதறல், 1339 விழுந்துச்சு.

அதாவது அந்த ரெண்டு எண் வர்ற இடத்துல மாடலுக்குள்ள தடுமாற்றம் இருந்திருக்கும், கணக்குல அது தெரியவும் செய்யும். ஆனா ஸ்க்ரீன்ல வர்றது தேர்ந்தெடுத்த டோக்கன் மட்டும், எந்தத் தயக்கத்தோட தேர்ந்தெடுத்துச்சுங்கிறது வர்றதில்ல. சிதறல்லேர்ந்து பொறுக்கின 925ம் உறுதியா வந்த F.3dயும் ஒரே எழுத்துல, ஒரே தொனியில நிக்குது. நாம "உறுதியா சொல்லுது"ன்னு நினைக்கிறது நடையோட உறுதி, சட்ட எழுத்தோட நடை அப்படி இருக்கிறதால அப்படி வருது. அறிவோட உறுதிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

இன்னொண்ணு, ஒரு டோக்கன் விழுந்ததும் அது அடுத்த கணிப்புக்கு உள்ளீடு ஆயிடுது. வர்கீஸ்னு எழுதியாச்சுன்னா அதுக்கப்புறம் வர்றது எல்லாம் வர்கீஸ் வழக்கு இருக்குங்கிற உலகத்துல எழுதப்படும். அந்த வக்கீல் சும்மா நம்பிடல, வர்கீஸ் நிஜ வழக்கான்னு அதுகிட்டயே திருப்பிக் கேட்டார். ஆமான்னு சொல்லுச்சு, மத்ததும் நிஜம்தான், பேர்போன சட்ட டேட்டாபேஸ்ல கிடைக்கும்னு சொல்லுச்சு. அது போய் தேடிப் பார்த்துட்டு சொல்லல, அன்னிக்கு அவர் கையில இருந்தது தேடுற கருவியே இல்ல. இதே உரையாடல்ல மேல அந்த வழக்கு அவ்ளோ விவரமா இருக்கும்போது, "நிஜமா?"ங்கிற கேள்விக்கு "ஆமா"ங்கிறதுதான் அதிகம் பொருந்துற தொடர்ச்சி. பொய்யைச் சொன்ன அதே உரையாடல்ல உண்மையான்னு கேட்டு எந்தப் பிரயோஜனமும் இல்ல.

நீளமா எழுத விட்டா வேற ஒரு பலவீனமும் வெளியே வரும். அந்தக் கற்பனைத் தீர்ப்பு இறந்தவருக்காக அவர் குடும்பம் போட்ட வழக்குன்னு ஆரம்பிக்குது, கொஞ்ச தூரத்துலயே கனெக்டிங் ஃப்ளைட்டைத் தவறவிட்ட அனிஷோட டிக்கெட் பிரச்சனையா மாறிடுது. ஒவ்வொரு வாக்கியமும் முந்தின வாக்கியத்தோட ஒட்டுது, மொத்தமா படிச்சா ஒட்டல. பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இது, அழகான வாக்கியத்துல மயங்காம யாரு யாரு மேல எதுக்கு வழக்கு போட்டாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க.

சரி, தெரியலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? மாடலை அடுத்த கட்டத்துல பழக்குற விதமும் அதுக்கு மார்க் போடுற விதமும் இதுக்கு ஒரு பெரிய காரணம். சாட்ஜிபிடியை உருவாக்கின ஓப்பன்ஏஐயோட ஆராய்ச்சியாளர் ஆடம் காலாயும் கூட இருந்தவங்களும் 2025 செப்டம்பர்ல ஒரு கட்டுரையில இதைத் தெளிவா வச்சாங்க. நீட்ல தப்பு விடைக்கு ஒரு மார்க் போகும், அதனால சுத்தமா தெரியாத கேள்வியை விட்டுட்டுப் போறவங்க உண்டு. நெகட்டிவ் மார்க் இல்லாத பரீட்சையில யாரு விடுவாங்க, கண்ணை மூடிட்டாவது ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிட்டு வருவாங்க. மாடல்களை ஒப்பிடுற பெரும்பாலான சோதனைகள் ரெண்டாவது ரகம். சரின்னா ஒண்ணு, தப்புன்னா பூஜ்ஜியம், தெரியலன்னாலும் பூஜ்ஜியம். இதுல மேல வரணும்னு பழக்கப்படுற மாடல் ஊகிக்கத்தான் கத்துக்கும். காலாய் தன்னோட பிறந்த தேதியை ஒரு மாடல்கிட்ட கேட்டப்போ மூணு தடவையும் மூணு வேற தேதி சொல்லுச்சு, மூணுமே தப்பு.

அந்த மூணு தேதியில ஒரு சோதனை முறையும் ஒளிஞ்சிருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 2024ல நேச்சர் இதழ்ல இதை ஒரு அளவீடாவே ஆக்கிக் காட்டினாங்க. ஒரே கேள்வியைப் பல தடவை கேட்கணும், வார்த்தையை விட்டுட்டு அர்த்தத்தைப் பார்க்கணும். சென்னையில இருந்து மதுரைக்கு ரயில்ல போகலாமான்னு கேட்டா நடை மாறும், விஷயம் மாறாது. உங்க ஊர் கோயில் தேர் எந்த வருஷம் செஞ்சதுன்னு ஒவ்வொரு தடவையும் புது உரையாடல் திறந்து கேளுங்க, ஒவ்வொரு தடவையும் வேற வருஷம் வந்தா அது சிதறல்லேர்ந்து பொறுக்கினது. ஆனா இதுக்கும் எல்லை உண்டு. ஒரே தப்பு இணையம் பூரா பரவியிருந்தா மாடல் அதையே மாறாம சொல்லும், இந்தச் சோதனையில அது பாஸாயிடும். தமிழ் ஊர்கள், சின்ன பத்திரிகைகள், பழைய புலவர்கள் பத்தின தகவல் வலையில கம்மியா இருக்கிறதால நம்ம விஷயத்துல ஊகம் வர்ற வாய்ப்பு இன்னும் ஜாஸ்தி.

தரவை நீங்களே கையில கொடுத்துட்டா நிலைமை நல்லாவே மாறுது. பத்து பக்க வாடகை ஒப்பந்தத்தை ஒட்டிட்டு "முன்பணம் திருப்பித் தர்றது பத்தி எந்தப் பிரிவு சொல்லுது"ன்னு கேட்டா விடை கண் முன்னாடி இருக்கு, ஞாபகத்துல துழாவ வேண்டியதில்ல, அந்த இடத்தைக் கவனிச்சு எடுத்து எழுதினா போதும். சுருக்குறது, மொழிபெயர்க்கிறது, ஒரு நடையில இருக்கிறதை வேற நடையில மாத்துறது, இதுல எல்லாம் மாடல் நம்பகமா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். இப்போ நிறைய கருவிகள் முதல்ல தேடி, கிடைச்ச பக்கங்களை மாடலுக்குக் கொடுத்து அப்புறம் எழுத வைக்குது. தப்பு குறையுது, ஆனா போகல. ஸ்டான்ஃபோர்டுல 2024ல தேடல் வசதியோட வர்ற சட்ட ஆராய்ச்சிக் கருவிகளைச் சோதிச்சப்போ, நல்லா செஞ்ச கருவியே ஆறு கேள்விக்கு ஒண்ணுங்கிற கணக்குல இல்லாததைச் சொல்லியிருந்துச்சு. இங்க தப்போட ரூபம்தான் வேற, வழக்கு நிஜமா இருக்கும், ஆனா தீர்ப்பு அதைச் சொல்லியிருக்காது, சில சமயம் நேர் எதிரா சொல்லியிருக்கும். அதனால லிங்க் திறக்குதான்னு பார்க்கிறது பத்தாது, அந்தப் பக்கத்துல அந்த வரி இருக்கான்னு உள்ளே போய்ப் படிக்கணும்.