இருமல் சிரப் பத்தி கூகுள்ல தேடுறவங்களுக்கு ஒரு ஃபார்மசிஸ்ட் சொல்றது

2025 அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில கோல்ட்ரிஃப் சிரப் குடிச்சு குழந்தைங்க செத்துப்போன செய்தி வந்ததுல இருந்து மெடிக்கல்ல எங்க கவுன்டர் வேலையே மாறிப்போச்சு. மருந்து வாங்க வர்றவங்க கையில சீட்டு இருக்கோ இல்லையோ போன்ல ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு இருக்கு. "இந்த நாலு சிரப்பையும் கவர்மென்ட் தடை பண்ணிடுச்சாமே, உங்க கடையில இருக்கா சார்?" இதான் கேள்வி. நாலு பேரையும் படிச்சா, புரோமெத்தசின் ஓரல் சொல்யூஷன், கோஃபெக்ஸ்மாலின், மேக்காஃப், மேக்ரிப் என். கோல்ட்ரிஃப் அதுல இல்லவே இல்ல!

இத நானா சரின்னும் தப்புன்னும் சொல்றத விட எப்படி செக் பண்றதுன்னு காட்டிடலாம், வீட்ல உக்காந்தே பண்ணிக்கலாம்.

நம்ம ஆளுங்க பொதுவா கூகுள்ல என்ன போடுவாங்கன்னா "குழந்தை இருமல் மருந்து ஆபத்தா", "தடை செய்யப்பட்ட சிரப் லிஸ்ட்" இந்த மாதிரி. இதெல்லாம் நம்ம பயத்த அப்படியே டைப் பண்றது. பயத்த டைப் பண்ணா அதே பயத்த தலைப்பா வெச்சு எழுதுன பக்கமும் யூடியூப் வீடியோவும்தான் முன்னாடி வரும், ஏன்னா அவங்களும் அதே வார்த்தையத்தான் போட்டிருக்காங்க. கவர்மென்ட் ஆர்டர்லயோ உலக சுகாதார நிறுவனத்தோட எச்சரிக்கையிலயோ "ஆபத்தா"ன்னு யாரும் எழுத மாட்டாங்க, மருந்து பேரு, கலவை, பேட்ச் நம்பர், தேதி இதுதான் இருக்கும். அதனால நாம தேடுற வார்த்தையும் அந்தத் தாள்ல இருக்கிற வார்த்தையாவே இருக்கணும், அதுவும் இங்கிலீஷ்ல, ஏன்னா அந்தத் தாள் இங்கிலீஷ்ல இருக்கு.

சரி, ஃபார்வர்டுக்கு வருவோம். நாலு பேர்ல மூணு ரொம்ப விசித்திரமான பேரு, அதுவே நமக்கு வசதி. இப்படி போடுங்க:

```
Kofexmalin Makoff Magrip site:who.int
```

site:ங்கிறது கூகுளுக்கு நாம கொடுக்கிற கட்டளை, இதத்தான் ஆபரேட்டர்னு சொல்றது, இத போட்டா அந்த ஒரு தளத்துக்குள்ள மட்டும் தேடும், who.int உலக சுகாதார நிறுவனத்தோட தளம். கோலனுக்கு அப்புறம் இடம் விடக் கூடாது, விட்டா கூகுள் அத சாதாரண வார்த்தையா எடுத்துக்கும், ஆபரேட்டர் வேலை செய்யாது, வேலை செய்யலன்னு நமக்கு சொல்லவும் சொல்லாது. தேடினா கிடைக்கிறது 2022 அக்டோபர் 5ம் தேதி எச்சரிக்கை. காம்பியாவுல கண்டுபிடிச்ச நாலு சிரப், அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் கலந்திருந்தது, தயாரிச்சது இந்தியக் கம்பெனிதான், ஆனா அது ஏற்றுமதிக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கின சரக்கு, இங்க கடைகள்ல விக்கிறதுக்கு இல்லன்னு மத்திய அரசே அப்பவே சொல்லிடுச்சு. ஆக ஃபார்வர்டு முழுப் பொய் இல்ல. ஆனா இது தடை உத்தரவு இல்ல, 2022ல வந்த எச்சரிக்கை, அவ்வளவுதான். பேரும் நிஜம், விஷமும் நிஜம், தேதிய யாரோ வெட்டி எடுத்துட்டாங்க, இந்த மாதிரி பாதி உண்மைய கண்டுபிடிக்கிறதுதான் முழுப் பொய்ய கண்டுபிடிக்கிறத விட கஷ்டம்.

இப்ப 2025 சம்பவத்த மட்டும் தனியா பாக்கணும். சும்மா சிரப் சாவுன்னு தேடினா காம்பியா, 2022 கடைசியில வந்த உஸ்பெகிஸ்தான், சிந்த்வாரா எல்லாம் கலந்து வரும், எது எந்த வருஷம்னே தெரியாது. அதுக்கு தேதி ஆபரேட்டர்:

```
diethylene glycol syrup alert site:who.int after:2025-10-01
```

வருஷம்-மாசம்-தேதி இந்த வரிசையில போடணும். இதுல வர்றது 2025 அக்டோபர் 13 எச்சரிக்கை, கோல்ட்ரிஃப், ரெஸ்பிஃப்ரெஷ் டிஆர், ரிலைஃப்னு மூணு பேரு. ஃபார்வர்டுல வந்த லிஸ்ட்டும் இதுவும் வேற வேறன்னு அங்கேயே தெரிஞ்சுடும்.

ஆனா after: மேல முழு நம்பிக்கை வெக்காதீங்க. கூகுள் பக்கத்தோட தேதிய தானா கணிக்குது. பழைய செய்திப் பக்கத்த யாராவது லேசா திருத்தி திரும்ப போட்டா அது புதுசுன்னு உள்ள வந்துடும், தேதியே இல்லாத நல்ல பக்கம் வெளிய போயிடும். அதனால ரிசல்ட்ல காட்டுற தேதிய விடுங்க, பக்கத்த திறந்து உள்ள அச்சடிச்சிருக்கிற தேதிய பாருங்க.

அடுத்தது பேட்ச் நம்பர். கோல்ட்ரிஃப்ல தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை டெஸ்ட் பண்ணி 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருக்குன்னு சொன்னது எஸ்ஆர்-13ங்கிற பேட்ச்ல (அனுமதிக்கிற அளவு 0.1 சதவீதம், அப்ப எவ்வளவுன்னு பாத்துக்கோங்க). பேட்ச் நம்பர வெறுமனே போட்டா ரோடு நம்பர், மெஷின் மாடல்னு என்னென்னமோ வரும். மேற்கோள் குறிக்குள்ள போட்டு மருந்து பேரையும் சேர்த்துடணும்:

```
coldrif "SR-13" after:2025-10-01
```

மேற்கோள் குறி போட்டா அந்த எழுத்து அப்படியே இருக்கிற பக்கம்தான் வரும், கூகுள் தன் இஷ்டத்துக்கு வேற வார்த்தைய சேர்க்காது. நடுவுல இருக்கிற கோட்ட மட்டும் பெருசா மதிக்காது, கோடு இல்லாம எழுதினதும் வரலாம், அது நமக்கு நல்லதுதான்.

மேற்கோள் குறியில ஒரு சிக்கல் இருக்கு, மருந்து தேடுறவங்க அதிகமா மாட்டிக்கிறது இங்கதான். ஒரே மருந்துக்கு ஊருக்கு ஒரு பேரு. நம்ம ஊர் பாட்டில்ல குளோர்ஃபெனிரமின்னு இருக்கும், உலக சுகாதார நிறுவனம் குளோர்ஃபெனமின்னு எழுதும். நாம பாராசிட்டமால்னு சொல்றத அமெரிக்கக்காரன் அசிட்டமினோஃபென்னு சொல்றான், சால்பியூட்டமால் அங்க ஆல்பியூட்டரால். மேற்கோளுக்குள்ள நம்ம ஸ்பெல்லிங்க போட்டு அவங்க தளத்துல தேடினா ஒண்ணுமே வராம போகலாம், உடனே "அப்ப எந்த எச்சரிக்கையும் இல்ல, பத்திரம்"னு முடிவு பண்ணிடுவோம். ரிசல்ட் வரலங்கிறதும் ஆபத்து இல்லங்கிறதும் ஒண்ணு இல்லீங்க! ரெண்டு பேரையும் போடுங்க, நடுவுல OR பெரிய எழுத்துல இருக்கணும்:

```
chlorpheniramine OR chlorphenamine phenylephrine children site:who.int
```

இப்ப அம்மாக்கள் அதிகமா குழம்புற விஷயம். ஒரு இடத்துல 2 வயசுக்குள்ள கொடுக்கக் கூடாதுன்னு இருக்கு, இன்னொண்ணுல 4 வயசு, இன்னொண்ணுல 5 வயசு. "எதத்தான் நம்புறது, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க"ன்னு ஒரு அக்கா கவுன்டர்லயே சத்தம் போட்டாங்க, அவங்க கோவம் நியாயம்தான். ஆனா மூணுமே சரி, மூணும் ஒரே தாள்ல இருந்து வந்தது இல்ல, எழுதினவங்க எந்தத் தாள்னு சொல்லாம விட்டுட்டாங்க. 4 வயசுக்கு இப்படி தேடலாம்:

```
chlorpheniramine phenylephrine "4 years" site:gov.in
```

gov.in மட்டும் போட்டா போதும், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓ, மத்திய அரசோட செய்திப் பிரிவான பிஐபி, மாநில அரசுத் தளம்னு கடைசில gov.in இருக்கிற எல்லாத்துலயும் தேடும். gov.inனு நடுவுல சொருகி ஏமாத்துற போலி விலாசம் இதுல வராது, ஏன்னா விலாசம் முடியிற இடத்ததான் பாக்குது. இந்த 4 வயசு விஷயம் 2023 டிசம்பர்ல மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அனுப்பின கடிதம், குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த அந்தக் கலவைக்கு மட்டும், லேபிள்ல எச்சரிக்கை போடச் சொல்லி. மத்தது ரெண்டும்:

```
cough cold children DGHS advisory site:gov.in after:2025-10-01
```

இது 2025 அக்டோபர்ல மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் எல்லா மாநிலத்துக்கும் அனுப்பின ஆலோசனை. பொதுவா இருமல் சளி மருந்து எதுவா இருந்தாலும் 2 வயசுக்குள்ள எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயசுக்குள்ள சாதாரணமா சிபாரிசு இல்லன்னு இருக்கு. ஆக ஒண்ணு ஒரு கலவைக்கு, இன்னொண்ணு மொத்த வகைக்கும். வீட்ல இருக்கிற பாட்டில்ல கலவை என்னன்னு தெரியாம இது எதுவும் உதவாது, அதனாலதான் பிராண்ட் பேர விட கீழ பொடி எழுத்துல இருக்கிற கலவைய பாத்து டைப் பண்ணுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன்.

பிராண்ட் பேரையே போட்டுத் தேடினா மருந்து விக்கிற தளங்கதான் மொதல்ல நிக்கும். அத ஒதுக்க மைனஸ் இருக்கு, -price -buyனு, மைனஸுக்கு முன்னாடி இடம் விடணும் பின்னாடி விடக் கூடாது. நான் அவ்வளவா யூஸ் பண்றதில்ல, அந்த வார்த்தை இருக்கிற உருப்படியான பக்கமும் சேர்ந்து போயிடுது.

"போலி மருந்து லிஸ்ட்" கேக்குறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. தரம் தேறாத மருந்துகள மாசாமாசம் சிடிஎஸ்சிஓ வெளியிடுது, ஆனா அதுல பெரும்பாலானதுக்கு போலின்னு இருக்காது, தரநிலைக்கு இல்லன்னு ஒரு தனி வாசகம் வெச்சிருக்காங்க, அதையே போடணும்:

```
"not of standard quality" site:cdsco.gov.in
```

இதோட filetype:pdf சேர்த்தா பிடிஎஃப் மட்டும் வரும், ஆனா சேர்க்காமலும் ஒரு தடவ தேடிடுங்க, சிலது விட்டுப்போகும். லிஸ்ட்ல வர்றது அந்த ஒரு பேட்ச் மட்டும், அதே பேர்ல இருக்கிற எல்லா பாட்டிலும் இல்ல, அதனால உங்க பாட்டில்ல இருக்கிற நம்பரோட ஒத்துப் பாக்கணும். கம்ப்யூட்டர்ல கன்ட்ரோல் எஃப், போன்ல மூணு புள்ளி மெனுவுல பக்கத்துக்குள்ள தேடுற ஆப்ஷன். ஒரு டெஸ்ட் பண்ணிக்கோங்க: மொதல்ல கண்ணுக்கு முன்னாடி தெரியுற ஏதாவது ஒரு வார்த்தைய தேடுங்க. அதுவே கிடைக்கலன்னா அது ஸ்கேன் பண்ணின படம், உள்ள எழுத்தே இல்ல, உங்க பேட்ச் நம்பரும் கிடைக்காது. அப்ப பக்கம் பக்கமா விரல் வெச்சு படிக்கணும், இல்லன்னா பாட்டில எடுத்துக்கிட்டு பக்கத்து மெடிக்கலுக்கு வாங்க, சேர்ந்து பாக்கலாம்.