உரிமம் பெற்ற துப்பாக்கியும் வரப்புத் தகராறும்: ஆயுதச் சட்டம் சொல்வது என்ன?

துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களில் பலர், உரிமம் தம் கையில் இருக்கும்வரை ஆயுதச் சட்டம் தம்மைத் தொடாது என்று எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைதான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும், துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டுமல்லாமல் அதை எப்படி எடுத்துச் செல்ல வேண்டும், யார் கையில் கொடுக்கலாம் என்பதற்கும் வரம்பு விதித்துள்ளன.

உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது சட்டத்தின் 25(1பி) பிரிவின்படி குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும் விதிக்கப்படுகின்றன. வைத்திருத்தல் என்பது இடுப்பில் செருகியிருப்பது மட்டுமன்று. வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்த நாட்டுத் துப்பாக்கியும், அது அங்கே இருப்பது ஒருவருக்குத் தெரிந்து அவரது கட்டுப்பாட்டில் இருந்தால், அவர் வசம் இருப்பதாகவே கொள்ளப்படும். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது.

தமிழ்நாட்டில் மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரும், காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குகிறார்கள். காவல் துறையின் விசாரணை அறிக்கை வந்த பிறகே முடிவு எடுக்கப்படும். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க, குழல் வாய் வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கு, அந்தத் தேவை உண்மையானதாகவும் மறுப்பதற்குச் சட்டப்படியான காரணம் இல்லாமலும் இருந்தால், உரிமம் கொடுக்க வேண்டும் என்றே 13ஆம் பிரிவு சொல்கிறது.

இப்படிப் பயிர்ப் பாதுகாப்புக்காக ஒற்றைக் குழல் துப்பாக்கி உரிமம் பெற்ற ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். பக்கத்து நிலத்துக்காரருடன் வரப்பை வெட்டியதில் மூண்ட சண்டை ஊர்த் தெருவுக்கு வருகிறது. அவர் வீட்டிலிருந்து துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டுகிறார். சுடவே இல்லை என்றாலும், பொது இடத்தில் துப்பாக்கியை உறையிட்டு மூடியே எடுத்துச் செல்ல வேண்டும், நீட்டி மிரட்டக் கூடாது என்ற ஆயுத விதிகளின் 32ஆம் விதி அங்கேயே மீறப்பட்டுவிட்டது. துப்பாக்கியைக் கைப்பற்றவும் உரிமத்தை ரத்து செய்யவும் இதுவே போதும். கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருந்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351(3) பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

கூட்டத்தை விலக்க வானத்தைப் பார்த்துச் சுட்டேன் என்பது இத்தகைய வழக்குகளில் அடிக்கடி சொல்லப்படும் சமாதானம். பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அசட்டையாகச் சுடுவதற்கே 2019ஆம் ஆண்டில் ஆயுதச் சட்டத்தில் 25(9) பிரிவு சேர்க்கப்பட்டது. 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரவை எதிராளியின் மீது பாய்ந்து, கொல்லும் நோக்கமும் நிரூபிக்கப்பட்டால் சன்ஹிதாவின் 109ஆம் பிரிவின் கொலை முயற்சி வழக்கு ஆயுள் தண்டனை வரை போகும். தற்காப்பு உரிமை உண்டுதான். ஆனால் சண்டையை விட்டு வீட்டுக்குள் போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவரால் அதை நிலைநாட்டுவது மிகக் கடினம்.

இதில் பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு. ஆயுதத்தைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துவதற்குத் தண்டனை விதிக்கும் ஆயுதச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, உரிமம் பெற்ற துப்பாக்கியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பதால் மட்டுமே பொருந்திவிடாது என்று 2021ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமமின்றி ஆயுதத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 5ஆம் பிரிவோ, தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள் பற்றிய 7ஆம் பிரிவோ மீறப்பட்டதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ஆகவே உரிமதாரர்மேல் முதன்மையாக நிற்பது சன்ஹிதாவின் குற்றங்கள்தாம். உரிம நிபந்தனையை மீறியதற்கான 30ஆம் பிரிவில் அதிகபட்சம் 6 மாதச் சிறையே உண்டு.

அதே துப்பாக்கியை அவர் கையிலிருந்து மகன் பிடுங்கிச் சுட்டால் கதை வேறு. உரிமம் குடும்பத்துக்கு அல்ல, பெயர் குறிக்கப்பட்ட ஒருவருக்கே உரியது. மகனிடம் உரிமம் இல்லாததால் அவர்மேல் 25(1பி) பிரிவும், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை விதிக்கும் 27ஆம் பிரிவும் சேர்ந்து பாயும். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் 3ஆம் பிரிவை மீறிய குற்றத்துக்கு வழக்கு நடத்த மாவட்ட நடுவரான ஆட்சியரின் முன் அனுமதி தேவை; அது பெறப்படாத வழக்குகள் அந்த ஒரு குறையாலேயே நீதிமன்றத்தில் தடுமாறுகின்றன.

குற்ற வழக்கு முடியும்வரை உரிம அதிகாரி காத்திருக்க வேண்டியதில்லை. பொது அமைதிக்குத் தேவை என்று கருதினால் 17ஆம் பிரிவின்கீழ் உரிமத்தை உடனே நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு வழக்கு நிலுவையில் உள்ளது என்பதை மட்டும் காட்டிப் பிறப்பித்த ரத்து ஆணைகளை உயர் நீதிமன்றங்கள் நீக்கியதும் உண்டு. எனவே ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, உரிய காலத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆணை வந்ததும் துப்பாக்கியையும் எஞ்சிய தோட்டாக்களையும் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறுவது கட்டாயம். மேல்முறையீடு செய்திருக்கிறேன் என்று வீட்டிலேயே வைத்திருந்தால் அது உரிமமற்ற துப்பாக்கியாகிவிடும்.