ஒரே 'ப்ரோமெஸ்', இரண்டு வாசல்: ஆய்வேட்டு முன்னுரையில் மதத்தை வரையறுப்பது

மொரீஷியஸில் சமயம் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்களின் முன்னுரைகளைத் திருத்துவது என் வேலை. வரைவைத் திறக்கும் முன்பே முதல் இரண்டு பக்கத்தில் என்ன இருக்கும் என்று பெரும்பாலும் ஊகித்துவிடுவேன். 'ரிலிஜன்' என்ற சொல்லின் வேரான, லத்தீன் மொழியின் 'ரெலிகியோ'வில் தொடங்கும். மதத்துக்கு வரையறை தந்த அறிஞர்கள் டைலர், துர்கைம், கீர்ட்ஸ் மூவரும் வரிசையாக வந்து தலைகாட்டிவிட்டுப் போவார்கள். 'ஆக, மதத்துக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட வரையறை இல்லை' என்று ஒரு பெருமூச்சு. அடுத்த பத்தியில் ஆய்வு ஆரம்பமாகிவிடும்.

அந்தப் பெருமூச்சுதான் சிக்கல். உளவியலாளர் ஜேம்ஸ் லூபா 1912-லேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட வரையறைகளைத் தொகுத்திருந்தார். அந்தப் பட்டியலைப் பற்றி மதவியல் அறிஞர் ஜோனதன் ஸ்மித் பின்னாளில் சொன்னது எனக்குப் பிடிக்கும்: மதத்தை வரையறுக்க முடியாது என்பதல்ல அதன் பாடம், ஐம்பதுக்கும் மேற்பட்ட வழிகளில் வரையறுக்கலாம், சில நன்றாக வேலை செய்யும், சில செய்யாது என்பதுதான். என்ன வேலைக்கு என்பதைத்தான் முன்னுரை சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி வந்தாள். போர்ட் லூயியின் சேன்த்-க்ருவா பகுதியில் பேர் லவால் கல்லறை இருக்கிறது. 1864 செப்டம்பரில் இறந்த கத்தோலிக்கப் பாதிரியார் அவர். ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பாராமல் தீவே அங்கே நடக்கிறது. அதே பக்கத்தில்தான் நம் கைலாசன் கோவிலும். தைப்பூசத்தில் காவடி எடுத்துவிட்டு செப்டம்பரில் லவாலிடம் மெழுகுவர்த்தி ஏற்றும் தமிழ்க் குடும்பங்கள்தான் அவளுடைய பொருள். பதினெட்டுப் பேரைப் பேட்டி எடுத்திருந்தாள்.

அவளுடைய முதல் வரைவில் துர்கைம் இருந்தார். 1912-ல் அவர் கொடுத்த வரையறை: புனிதமானவை என்று ஒதுக்கப்பட்டவற்றைச் சார்ந்த நம்பிக்கைகளும் நடைமுறைகளும் ஒன்றிணைந்த அமைப்பு, அதைப் பின்பற்றுவோரை ஒரே அறச் சமூகமாக, 'திருச்சபை'யாகச் சேர்ப்பது.

"ஏன் இவர்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இவரைத்தானே மிஸ் போடுறாங்க?"

சரி, அந்த வரையறையை அவளுடைய பேட்டிகள்மேலேயே வைத்துப் பார்ப்போம் என்றேன். ஒரு தாளில் மூன்று பத்தி கீறினோம். இடப்பக்கம், இந்த ஆய்வில் கட்டாயம் உள்ளே வர வேண்டியவை. வலப்பக்கம், கட்டாயம் வெளியே நிற்க வேண்டியவை. நடுவில், எதில் சேர்ப்பது என்று தெரியாதவை. எந்த வரையறைக்கும் முன்னால் இதைச் செய்யச் சொல்வேன், பேனாவும் தாளும் போதும்.

காவடி உள்ளே, லவால் கல்லறையும் உள்ளே. ஆனால் துர்கைமை வைத்ததும் கல்லறை வழுக்கி வெளியே போய்விட்டது. மந்திரவாதிக்கு வாடிக்கையாளர்கள் உண்டு, திருச்சபை கிடையாது என்று சொல்லி மந்திரத்தை மதத்திலிருந்து பிரித்தவர் அவர். கல்லறைக்குப் போகும் நம் மாமியும் அடுத்த தெரு முஸ்லிம் பெண்ணும் ஒரே அறச் சமூகமா? வேண்டியது கிடைத்ததும் அவரவர் வீட்டுக்குப் போகிறவர்கள். அவள் எதைப் படிக்க வந்தாளோ அதையே அவளுடைய வரையறை மந்திரம் என்று தள்ளிவிடுகிறது. கல்லறையைப் பற்றிய நான்காம் இயலில் துர்கைம் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. வரையறை வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். முன்னுரையின் முக்கியச் சொல்லை ஆய்வு இயல்களில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அது அலங்காரம்தான்.

இன்னொரு பொறியிலும் கால் வைத்திருந்தாள். 'தமிழ் மதத்தைச் சேர்ந்தோர்' என்று எழுதியிருந்தாள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். ஆனால் இங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ன என்ற கேள்விக்கு 'தமிழ்' என்பதும் ஒரு பதில், இந்து என்பதிலிருந்து தனியாக. அரசு கேட்பதற்குச் சொல்லும் பதில் அது. யாரைப் பேட்டிக்கு அழைத்தாள் என்பதைச் சொல்ல அது உதவும், மதம் என்றால் என்ன என்பதற்கு உதவாது. இரண்டையும் பிரித்து எழுதச் சொன்னேன்.

அப்புறம் பேட்டிகளுக்கே திரும்பினோம். விடை அங்கேதான் கிடந்தது. ஒரு பாட்டி கிரியோலில் சொல்லியிருந்தார்: "மோ தி ஃபேர் ப்ரோமெஸ்." நேர்ந்துகொண்டேன் என்று அர்த்தம். முருகனுக்கும் அதே சொல், லவாலுக்கும் அதே சொல். பேரனுக்குக் காய்ச்சல் தணிந்தால் காவடி, மருமகளுக்குப் பிரசவம் நல்லபடி ஆனால் மெழுகுவர்த்தி. கேட்பது, கொடுப்பது, கிடைத்தால் தீர்ப்பது. ஒரு கணக்குவழக்கு போல.

இந்தக் கணக்கைப் பிடிக்கும் வரையறை மானிடவியலாளர் மெல்ஃபோர்ட் ஸ்பைரோ 1966-ல் வெளியிட்டது. மனிதருக்கு மேற்பட்டவர்கள் என்று ஒரு பண்பாடு கொள்பவர்களோடு, அந்தப் பண்பாடே வகுத்த முறையில் நடத்தும் ஊடாட்டம். அதைக் கொண்ட நிறுவனமே மதம் என்றார். பர்மாவில் களப்பணி செய்தவர் அவர். பௌத்தத்தைக் காட்டி, தெய்வம் இல்லாமலும் மதம் உண்டு என்ற துர்கைமுக்குப் பதில் சொல்லும் விதமாக எழுதியது இது.

வழுக்கிப்போன கல்லறையும் நடுப்பத்தியில் இருந்தவையும் இப்போது இடம்பிடித்தன. லவால் மனிதராகப் பிறந்தவர்தானே? ஸ்பைரோவின் கணக்கில் பிறப்பு முக்கியமில்லை. மனிதரைவிடக் கூடிய ஆற்றல், நன்மையோ தீமையோ செய்ய வல்லமை, நம் செயலால் ஓரளவு இணங்க வைக்க முடிவது, இவை போதும். லவால் உள்ளே. நம்பிக்கையே இல்லை, அப்பா சொன்னார் என்று காவடி எடுத்த இளைஞன்? இங்கே அவள் தடுமாறினாள். வரையறை சொல்வது 'பண்பாடு கொள்பவர்கள்' என்றுதான், அவன் மனதில் என்ன இருக்கிறது என்றில்லை. பத்து நாள் 'கரேம்' என்னும் விரதம் இருந்து, முறைப்படி எடுத்தான் என்றால் அவனும் உள்ளே. வெளியே நிற்பது எது? லிவர்பூல் ஜெயிக்க வேண்டும் என்று அதிர்ஷ்டச் சட்டையைத் துவைக்காமல் போட்டிருக்கும் அவள் அண்ணன். சட்டையோடு யாரும் பேரம் பேசுவதில்லை.

கடைசியில் அவள் எழுதிய பத்தி, தமிழில் சொன்னால், ஏறக்குறைய இப்படி இருந்தது:

'இந்த ஆய்வில் மதம் என்ற சொல்லை ஸ்பைரோவைப் பின்பற்றி, மனிதருக்கு மேற்பட்டவர்களோடு பண்பாடு வகுத்த முறையில் நடக்கும் ஊடாட்டம் என்ற பொருளில் ஆள்கிறேன். பேட்டி தந்தவர்கள் கோவிலுக்கும் கல்லறைக்கும் "ப்ரோமெஸ்" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க இது இடம் தருகிறது. துர்கைமின் வரையறை சமூகப் பிணைப்பை நன்றாகக் காட்டும், ஆனால் கல்லறை வழிபாட்டை மதத்துக்கு வெளியே நிறுத்திவிடும். நான் ஆளும் வரையறைக்கும் ஒரு குறை உண்டு: தமிழர் என்ற அடையாளத்தின் அரசியலை இது பார்க்காது. மூன்றாம், நான்காம் இயல்களில் ஒவ்வொரு நேர்ச்சையையும் யாரிடம், எதற்காக, எப்படித் தீர்த்தது என்று இதன்படியே பகுக்கிறேன்.'

குறையை ஒப்புக்கொண்ட வாக்கியத்தைச் சேர்க்க அவளுக்குப் பயம். பரிசோதகர் அதையே பிடித்துக்கொள்வாரே என்றாள். நீயே சொல்லாவிட்டால்தான் பிடித்துக்கொள்வார் என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1998-ல் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே இறங்கியதும் பெரும் எதிர்ப்பு எழுந்து, நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அதைப் பற்றி நான்கு பேர் உருக்கமாகப் பேசியிருந்தார்கள். அவளுடைய பேட்டிகளிலேயே சிறந்த பகுதி அதுதான். ஆனால் அதில் நேர்ச்சையும் இல்லை, முருகனும் இல்லை, லவாலும் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, இருபது பக்கத்தை வெட்டித் தனிக் கோப்பில் போட்டுக்கொண்டு வந்தாள்.