44 நிமிடத்தில் போகலாம், ஆனால் 60 நிமிடம் முன்னால் கிளம்புங்கள்

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் காரில் போகும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சராசரியாக 44 நிமிடம் ஆகிறது. சரியாக 44 நிமிடம் முன்னால்தான் கிளம்புகிறேன். அப்படியும் வாரத்துக்கு ஒருநாள் லேட். எங்கே தப்பு?"

தப்பு சராசரியில். எல்லா நாளும் காலை 8.15க்குக் கிளம்பி, 20 வேலைநாள் குறித்த நிமிடங்களையும் அனுப்பியிருந்தார். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன்:

34, 35, 36, 36, 37, 38, 38, 39, 39, 40, 41, 41, 42, 43, 44, 46, 48, 52, 60, 85.

44ஐத் தாண்டியவை ஐந்து. வாரத்துக்கு ஒருநாள் என்ற கணக்கு அங்கேயே இருக்கிறது.

இப்போது கடைசியிலிருந்து இரண்டாவது எண்ணைப் பாருங்கள்: 60. இருபதில் 19 பயணங்கள் 60 நிமிடமோ அதற்குக் குறைவோதான். அதாவது 95 சதவீதம். அதே சாலையில் ஞாயிறு விடியற்காலை, வண்டிகளே இல்லாதபோது அவருக்கு 25 நிமிடம் ஆனது. 60ஐ 25ஆல் வகுத்தால் 2.4. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையினர் 'பிளானிங் டைம் இண்டெக்ஸ்' என்பது இதைத்தான். காலிச் சாலையின் நேரத்தைப் போல 2.4 மடங்கு ஒதுக்கினால் மாதத்தில் ஒருநாள்தான் லேட். சராசரிக்கு மேல் கூடுதலாக வேண்டியது 16 நிமிடம்.

எனக்குப் பிடித்தது அந்த 85 படும் பாடு. அது 150 ஆகியிருந்தால் சராசரி 44லிருந்து 47க்கு ஏறியிருக்கும், 60 அசையாது. வரிசையில் எத்தனையாவது இடம் என்பதுதான் கணக்கு, எண் எவ்வளவு பெரியது என்பதல்ல. பயண நேரத்துக்குத் தரை உண்டு, கூரை கிடையாது. எவ்வளவு விரட்டினாலும் 25க்குக் கீழே பெரிதாகப் போக முடியாது. பல்லாவரத்தில் ஒரு லாரி மக்கர் செய்தால் மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகும்.

என் பக்கத்து வீட்டுக்காரர் திங்கட்கிழமை ராகு காலத்துக்குப் பயந்து 7.30க்குள் கிளம்பிவிடுவார். ஒருநாளும் லேட்டானதில்லை. பெருமை ராகுவுக்கு! நெரிசலுக்கு முன்பே கிளம்புவது கணக்கில் வருவதில்லை.

ஒரு பலவீனம்: 20 பயணத்தில் இந்த விடை ஒரே எண்ணை நம்பி நிற்கிறது. 60க்குப் பதில் அன்று 70 ஆகியிருந்தால் அந்த 2.4 என்பது 2.8 ஆகிவிடும். இன்னும் இரண்டு மூன்று மாதம் குறித்தால் எண் நிலைக்கும். கிளம்பும் நேரத்தை மட்டும் மாற்றக் கூடாது. 7 மணிப் பயணமும் 9 மணிப் பயணமும் ஒரே பட்டியலில் சேராது.

அப்புறம், மீனம்பாக்கம் வரை காரிலும் அங்கிருந்து மெட்ரோவிலும் போகலாமா என்கிறார். போகலாம், ஆனால் இரண்டு கட்டத்துக்கும் தனித்தனியே 95 சதவீத நேரம் எடுத்துக் கூட்டினால் விடை வீங்கிவிடும். கார் தாமதமான நாளிலேயே ரயிலும் தாமதமாவது அபூர்வம். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை மொத்தமாகக் குறியுங்கள்.