மஞ்சளுக்கு அடியில் ஒரு தும்பிக்கை

பொள்ளாச்சியில் ஒரு பழைய இரும்புக் கடை. கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் மூன்றடி அகலத் தகடு ஒன்று கிடந்தது. மஞ்சள் பூச்சு, கறுப்பு எழுத்து. தமிழ் வரியில் "மலை" என்ற இரண்டெழுத்து, அதற்குக் கீழே இந்தி வரியின் வால், கடைசியில் ஆங்கிலத்தில் "ரோடு". கடைக்காரர், "உடுமலை போர்டுங்க, வெள்ளைக்காரன் காலத்துது" என்றார். ஆங்கில வரியில் ரோடு இருப்பதால் அது உடுமலைப்பேட்டை ஆகாது. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் ரயில் பாதையில் இருக்கும் ஆனைமலை ரோடு நிலையத்தின் பெயர்ப்பலகைதான். இடம் அப்போதே தெரிந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலமா என்பதைச் சொல்ல மூன்று வாரம் பிடித்தது.

ரயில்வே பழம்பொருளில் காலம் சொல்பவை இரண்டு. ஒன்று, இரும்பில் வார்த்தோ அச்சடித்தோ விட்ட முத்திரை. மற்றது, அதன்மேல் ஏறிய பூச்சு. முத்திரை பொருள் பிறந்த காலத்தைச் சொல்லும், பூச்சு அது வேலை பார்த்த காலத்தைச் சொல்லும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் சேகரிப்பவர்கள் அதிகம் செய்யும் பிழை.

முதலில் முத்திரை. கொங்கு நாட்டில் ரயில் கம்பெனிகளின் எல்லை மாறியிருப்பதால் வெறும் எழுத்துகளே நிறையச் சொல்லிவிடும். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக மேற்கே போகும் பெரிய பாதை மெட்ராஸ் ரயில்வேயின் கையில் இருந்தது. 1908இல்தான் அது தென்னிந்திய ரயில்வேக்கு, அதாவது எஸ்.ஐ.ஆருக்குப் போனது. ஈரோட்டிலிருந்து கொடுமுடி, கரூர் வழியாகத் திருச்சி போகும் பாதையோ 1874இல் எஸ்.ஐ.ஆர். உருவானதிலிருந்தே அதனுடையது. ஆகவே எஸ்.ஐ.ஆர். என்று பொறித்த கை விளக்கு ஒன்று கொடுமுடியில் கிடைத்தால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளாக இருக்க வாய்ப்புண்டு. அதே விளக்கைச் சோமனூர் நிலையத்தில் 1890இல் எரிந்தது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். 1951 ஏப்ரல் 14இல் தெற்கு ரயில்வே பிறந்தபின் எழுத்து எஸ்.ஆர். என்று சுருங்கியது. ஆனால் பழைய விளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியவர்கள் இல்லை. பழைய எழுத்தோடேயே அது பல வருடம் எரிந்தது.

விளக்கைப் பார்க்கும்போது பச்சைக் கண்ணாடியைக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய மண்ணெண்ணெய் விளக்கின் "பச்சை" பகலில் நீலம் கலந்துதான் தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடரில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் குறைவு. சாதாரணப் பச்சைக் கண்ணாடியை அதன்முன் வைத்தால் வெளிச்சம் மஞ்சளாக வெளுத்து, தூரத்தில் இருக்கும் டிரைவரை ஏமாற்றிவிடும். நீலம் சாய்ந்த கண்ணாடி அந்த மஞ்சளைக் குறைத்து, கண்ணுக்குச் சுத்தமான பச்சையாகக் காட்டும். பகலிலேயே இலைப் பச்சையாகத் தெரிகிற கண்ணாடி மின்விளக்குக் காலத்தில் மாற்றியதாக இருக்கலாம், அல்லது விற்பனைக்கென்று பொருத்தியதாக இருக்கலாம்.

டிக்கெட்டுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். அட்டை டிக்கெட்டில் கட்டணம் அணாவில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்திய அச்சு. நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. மூன்றாம் வகுப்பு 1974இல் ஒழிந்தது. அச்சடித்த அட்டை அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்திருக்கும் என்பதால், பயணம் செய்த நாளைத் தேதி அழுத்தும் பொறி ஓரத்தில் விட்ட தடத்தில்தான் பார்க்க வேண்டும்.

இனிப் பலகை. கடைக்காரர் அதோடு சேர்த்து இரண்டு தண்டவாளத் துண்டுகளையும் காட்டினார், இவைதான் பலகை நின்ற கால்கள் என்று. தண்டவாளத்தின் தலைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் உள்ள மெல்லிய பக்கச் சுவரில் சூடாக உருட்டும்போதே ஆலையின் பெயர், ஒரு கெஜத்துக்கு எத்தனை பவுண்டு எடை, ஆண்டு ஆகியவை புடைத்து எழும்பியிருக்கும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, சுண்ணாம்புக்கட்டியைப் படுக்க வைத்து உரசினால் படித்துவிடலாம். ஒரு காலில் ஆண்டு தெளிவாகத் தெரிந்தது: 1911. பொள்ளாச்சி–பாலக்காடு பாதை திறந்ததோ 1932இல். பாதை பிறக்க இருபத்தொரு வருடத்துக்கு முன்பே பலகையின் கால் பிறந்துவிட்டது! வேறெங்கோ ரயிலைத் தாங்கித் தேய்ந்த தண்டவாளத்தை வெட்டிக் கம்பமாக நட்டிருக்கிறார்கள். ரயில்வேயில் இது வழக்கம். ஆகவே 1911 என்ற முத்திரை அந்தக் கம்பத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. பலகையின் வயதுக்கு அதைச் சாட்சியாக இழுக்கக் கூடாது.

மிச்சமிருந்தது பூச்சு. ஏற்கெனவே உடைந்திருந்த ஓரத்திலிருந்து அரிசிமணி அளவில் இரண்டு சில்லுகள் எடுத்தேன், ஒன்று தமிழ் வரியின் வெற்றிடத்தில், மற்றொன்று இந்தி வரியின் வெற்றிடத்தில். நடுவில் நல்ல பூச்சைக் கிள்ளக் கூடாது. சில்லை நிமிர்த்தி நிறுத்தி, தெளிந்த ரெசினை ஊற்றி ஒரு நாள் இறுக விட்டேன். பிறகு உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், 400ஆம் எண்ணில் தொடங்கி 2000 வரை. இந்தப் பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கிறது. உலரத் தேய்த்தால் தூள் மூச்சில் போகும், எனவே ஈரத்தேய்ப்புதான், முகமூடியும் வேண்டும். தேய்த்த முகத்தை மேலிருந்து வெளிச்சம் விழும்படி நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், நிலத்தை வெட்டினால் மண்ணடுக்கு தெரிவதுபோல் பூச்சடுக்கு தெரியும்.

இரும்பை ஒட்டி ஆரஞ்சுச் சிவப்பில் ஈயச் செந்தூரம், துரு பிடிக்காமல் இருக்க முதலில் அடிப்பது. அதன்மேல் ஒரு வெள்ளை. அதற்கும் மேலே மூன்று மஞ்சள்கள். வெள்ளையின் தலையில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது, உற்றுப் பார்த்தால் கரித் துகள். நீராவி இன்ஜின் புகை படிந்து, அடுத்த பூச்சு வரும்வரை கிடந்த அழுக்கு அது. இந்த அழுக்குக் கோடுதான் எனக்கு முக்கியம். இரண்டு பூச்சுக்கு நடுவில் அழுக்கு இருந்தால் கீழ்ப்பூச்சு வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது என்று பொருள். போலிப் பலகையில் நாலு நிறத்தை ஒரே வாரத்தில் அடித்திருப்பார்கள். அடுக்கு இருக்கும், நடுவில் அழுக்கு இருக்காது. இன்னொரு அடையாளமும் உண்டு. உண்மையான பலகையில் பூச்சு உதிர்ந்த இடத்தின் விளிம்பில் எல்லா அடுக்கும் உடைந்து படிப்படியாகத் தெரியும். போலியில் பூச்சு துருக்குழிக்குள்ளேயே இறங்கி வழிந்திருக்கும்.

அடுக்கை எண்ணி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அடித்திருப்பார்கள் என்று பெருக்கிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. உரிந்த பூச்சை இரும்புவரை சுரண்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருந்தால் பழைய கணக்கெல்லாம் சுரண்டலோடு போய்விட்டிருக்கும். அடுக்குகள் எது முன், எது பின் என்று சொல்லும். ஆண்டு வேண்டுமானால் வெளியே தேதி தெரிந்த ஒன்றோடு அவற்றை முடிச்சுப் போட வேண்டும்.

முதல் முடிச்சு எழுத்தில் கிடைத்தது. இருட்டறையில் டார்ச்சைப் பலகையின் ஓரத்தில் படுக்க வைத்து அடித்தால் மேல்பூச்சுக்குள் புதைந்த பழைய எழுத்தின் மேடு நிழல் போடும். மேலே தெரிகிற "லை" இன்று நாம் எழுதுவது. அதன் இடப்பக்கம், மஞ்சளுக்கு அடியில், லகரத்தின் தலையிலிருந்து வளைந்து இறங்கும் தும்பிக்கை ஒன்று நிழலாக எழுந்தது. பழைய லை! தமிழ்நாடு அரசு ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளைச் சீர்திருத்தியது 1978இல். ஆனைமலை என்ற பெயரில் அந்தச் சீர்திருத்தம் தொட்ட எழுத்து இரண்டு இருக்கின்றன. விளிம்பில் அடுக்கை ஒப்பிட்டதில் தும்பிக்கை முதல் இரண்டு மஞ்சள்களைச் சேர்ந்தது, புது லை கடைசி மஞ்சளில் மட்டும்.

அப்படியானால் இரண்டாம் மஞ்சள் 1978க்கு முந்தியது என்று எழுதிவிடலாமா? ரயில்வேயில் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "பழைய எழுத்து மேலயே பிரஷ்ஷ ஓட்டீட்டுப் போயிருவமுங்க. புதுசாக் கோடு போட்டு எழுத நேரம் எங்கீங்க இருக்குது?" என்றார். அதனால் புது லை 1978க்குப் பின் என்பது உறுதி. பழைய லை 1978க்கு முன் என்பது பெரும்பாலும்தான், சில வருடம் தள்ளியும் இருந்திருக்கலாம்.

இரண்டாம் முடிச்சு இந்தி வரியின் சில்லில் இருந்தது. முதல் மஞ்சளுக்கும் இரண்டாம் மஞ்சளுக்கும் நடுவில், தமிழ் வரியின் சில்லில் இல்லாத, பழுப்புக் கறுப்பான படலம் ஒன்று. எழுத்தின் கறுப்பாக இருக்குமோ என்று டர்பன்டைனில் பஞ்சை நனைத்து ஓரத்தில் தொட்டேன். காய்ந்து இறுகின எழுத்துப் பூச்சு டர்பன்டைனுக்கு அசையாது. பஞ்சு தேன் நிறத்தில் கறைபட்டது, தார்தான். 1952 ஆகஸ்டில் ரயில் நிலையப் பலகைகளில் இந்தியைத் தார் பூசி அழிக்கும் போராட்டம் தமிழகம் முழுக்க நடந்தது, பிறகும் பலமுறை நடந்தது. 2025இல்கூடப் பொள்ளாச்சி நிலையத்தில் பூசினார்கள். எனவே தார் என்றாலே 1952 என்று சொல்லிவிட முடியாது. இங்கே அதன் இடம்தான் பேசுகிறது. பழைய லை உள்ள இரண்டு மஞ்சளுக்கு நடுவில் சிக்கியிருப்பதால் 1952க்கும், 1978ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்கும் இடையில் பூசியது அது. இன்னும் நெருங்கிச் சொல்ல இந்தச் சில்லில் ஆதாரமில்லை.

அடியில் இருந்த வெள்ளையில் இந்தி வரியே இல்லை. படுக்கை வெளிச்சத்தில் தமிழும் ஆங்கிலமும் இரண்டு வரியாக, இப்போதைய இடத்திலிருந்து நாலு விரல் தள்ளித் தெரிந்தன. புற ஊதா விளக்கில் அந்த வெள்ளை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தது. துத்தநாக வெள்ளை அப்படித்தான் ஒளிரும். இப்போது எங்கும் விற்கும் டைட்டானியம் வெள்ளை ஒளிராமல் இருண்டு நிற்கும். துத்தநாகம் இன்றும் கிடைப்பதால் இதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வரி, கரிப்புகை, அதன்மேல் இந்தி சேர்ந்த மஞ்சள் என்ற வரிசையோடு சேர்த்தால், அந்த வெள்ளை 1932க்குப் பின், இந்தி பலகையேறிய சுதந்திர காலத்துக்கு முன் அல்லது அதை ஒட்டி என்று சொல்லலாம். கடைசி மஞ்சள் எந்த ஆண்டைத் தாண்டியிருக்காது என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மீட்டர்கேஜ் பாதையை 2008இல் மூடி, 2015இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். பலகை இரும்புக் கடைக்கு இறங்கியது அந்த இடைவெளியில்.

கடைக்காரர் சொன்ன காலம் தகட்டுக்குச் சரியாக இருக்கலாம், கண்ணுக்குத் தெரிந்த மஞ்சள்தான் வெள்ளைக்காரன் காலத்தது இல்லை. இதைச் சொன்னபோது, "சுரண்டீட்டு வெள்ளை அடிச்சுத் தரட்டுங்களா, பழசாட்டவே இருக்கும்" என்றார். வேண்டாமுங்க, அப்படியே குடுங்க என்று இரும்பு எடைக்கு வாங்கி, ஒரு பழைய போர்வையில் சுற்றி, கோவை பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் பின்னால் நிறுத்தி எடுத்து வந்தேன்.